வயலைக் குறிப்பிடாதீர்கள், நெல்லைக் குறிப்பிடுங்கள்

ஜமாஅத் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் துண்டுச்சீட்டை நீட்டினார். ‘என் ஆற்றோர வயல் நெல் 70 மூட்டை, அறுவடை முடிந்ததும் தருகிறேன். விலை 1 லட்சம், முன்பணம் 60 ஆயிரம்’. அவ்வளவுதான். தை மாத மழையில் பயிர் சாய்ந்து கதிரிலேயே முளைத்துவிட்டது. “வெளியே வாங்கியாவது கொடு” என்கிறார் வியாபாரி. “நீங்கள் பேசியது என் வயல் நெல்லை, அது போச்சு” என்கிறார் விவசாயி. சீட்டைப் பார்த்தால் விவசாயி சொல்வது சரிதான். ஆனால் ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்டப்படி அந்தச் சீட்டே செல்லாது.

கையில் இல்லாத பொருளை விற்பது பொதுவாகக் கூடாது. விலையை முன்பே கொடுத்துவிட்டுப் பொருளைப் பின்னர் பெறும் ஸலம்தான் அதற்கு விதிவிலக்காக அனுமதிக்கப்பட்டது. நபிகள் மதீனா வந்தபோது அங்குள்ளவர்கள் கனிகளுக்கு ஓரிரு ஆண்டு முன்பே பணம் கொடுத்துவந்தார்கள். நபிகள் அதைத் தடுக்கவில்லை. தெரிந்த அளவு, தெரிந்த எடை, தெரிந்த தவணை இருக்க வேண்டும் என்றார்கள். ஸலத்தில் நெல் என்பது விற்பவரின் பொறுப்பில் நிற்கும் கடன். அதனால் குறிப்பிட்ட வயலோடு அதைக் கட்டக் கூடாது. வயலை எழுதாமல் ரகத்தை எழுதியிருந்தால் இவர் சந்தையில் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். நெல் சந்தையிலேயே கிடைக்காவிட்டால் வாங்குபவர் காத்திருக்கலாம், அல்லது கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம். விலை ஏறிவிட்டது என்று கூடுதலாகக் கேட்க முடியாது, தாமதத்துக்கு அபராதமும் கிடையாது. இரண்டும் வட்டியாகிவிடும்.

பாதிப் பணம் கொடுத்ததும் கோளாறுதான். முழு விலையையும் பேசிய அமர்விலேயே கொடுக்க வேண்டும். மாலிக்கி மத்ஹப் என்னும் சட்டப்பிரிவில் மட்டும் மூன்று நாள் வரை தாமதிக்கலாம். நெல்லும் பாக்கி, பணமும் பாக்கி என்றால் அது கடனுக்குக் கடன் விற்பதாகும்.

‘அறுவடை முடிந்ததும்’ என்பதை மாலிக்கிகள் ஏற்பார்கள். ஷாஃபி, ஹனஃபி சட்டங்களில் தேதி வேண்டும். எங்கள் ஊரில் ஷாஃபிகள் அதிகம், அதனால் நான் தேதியைத்தான் எழுதச் சொல்வேன்.

சண்டை பெரும்பாலும் மூட்டையில் தொடங்கும். ஊருக்கு ஊர் மூட்டை மாறும், ஆகவே கிலோவில் எழுதுங்கள். ஈரப்பதத்தையும் சேருங்கள். 20 சதவீத ஈரத்தோடு வரும் 5,000 கிலோ நெல், 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 4,820 கிலோதான். கிலோ 20 ரூபாய் என்றால் 3,600 ரூபாய் காற்றில் போகிறது. அது யார் தலையில்?

வியாபாரிக்கு 60 ஆயிரம் மட்டும் திரும்பியது. அடுத்த பருவத்துக்கு இருவரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை எழுதியது: ‘பொன்னி நெல், பதர் நீக்கியது, 17 சதவீத ஈரத்துக்கு மேற்படாதது, 5,000 கிலோ, பிப்ரவரி 20, வாங்குபவரின் கிடங்கில்; முழு விலை 1 லட்சம் இன்றே பெற்றேன்’. ஜாமீனுக்கு விவசாயியின் மைத்துனர் கையெழுத்திட்டார். ஸலத்தில் ஜாமீனும் அடமானமும் கேட்கலாம். வண்டிக்கூலி யாருடையது என்று மைத்துனர்தான் கேட்டார், அதையும் கடைசி வரியில் சேர்த்தோம்.