கதீற்றரில் கலங்கிய சலமும் காய்ச்சலும்

“அம்மான்ரை பாக்கிலை சலம் கலங்கிக் கிடக்குது, மணக்குது. அன்டிபயோட்டிக் குடுப்பமோ?” என்று கொக்குவிலில் சின்னம்மா கேட்டா. படுக்கையிலுள்ள அம்மம்மாவுக்கு, வயிற்றுக்குள்ளிருக்கும் சலப்பையிலிருந்து சலத்தை வெளியே பைக்குக் கொண்டுவரும் குழாயான கதீற்றர் போட்டு ஐந்தாவது கிழமை. காய்ச்சல் இல்லை, வயிற்று நோவில்லை, வழமைபோலக் கதைக்கிறா. வேண்டாம் என்றேன்.

கிணற்றடித் தொட்டியின் சுவரில் வழுக்கும் பாசி, தண்ணீர் ஊற்றினால் போகாது. கதீற்றரிலும் அப்படித்தான். கிருமிகள் குழாயில் ஒட்டி, வழுவழுப்பான படலத்தைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். ஒரு மாதத்தில் ஏறத்தாழ எல்லோருடைய சலத்திலும் கிருமி இருக்கும். மருந்து அந்தப் படலத்தை ஊடுருவுவது கடினம். தப்பிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். பிறகு உண்மையில் தேவைப்படும் நாளில் அந்த மருந்து உதவாது.

அன்று எனக்குக் கவலை தந்தது வேறொன்று. துணி மாற்றும்போது சின்னம்மா பையைத் தூக்கி அம்மம்மாவின் வயிற்றுக்கு மேல் வைத்தா. குழாயில் நின்ற சலம் சலப்பைக்குத் திரும்பி ஓடியது. பை எப்போதும் சலப்பைக்குக் கீழே தொங்கவேண்டும், நிலத்தில் முட்டவும் கூடாது. முக்கால்வாசி நிரம்பமுன் ஊற்றவேண்டும். கழுவிய கையோடு திறந்து, பையின் வாயை ஏந்துபாத்திரத்தில் முட்டவிடாமல் ஊற்றவேண்டும். குழாயும் பையும் சேரும் பொருத்தைக் காரணமின்றிக் கழற்றக்கூடாது. கிருமிக்கு அதுதான் வாசல்.

துப்புரவுக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும், நாளுக்கு ஒருமுறை, மலம் கழித்தால் மறுபடியும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்கவேண்டும். குழாயை உடலோடு சேருமிடத்தில் பிடித்து, அங்கிருந்து வெளிநோக்கி ஒரு சாண் துடைக்கவேண்டும், திரும்பி உடல்பக்கம் வரக்கூடாது. ஆண்களுக்கு முன்தோலைப் பின்தள்ளிக் கழுவினால், மறக்காமல் பழையபடி முன்னே இழுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் வீங்கி இறுகிவிடும். டெற்றோல் வேண்டாம், தோலை எரிக்கும்.

மூன்று கிழமை கழித்து ஒரு பின்னேரம் அம்மம்மாவுக்குக் கட்டில் ஆடுமளவுக்கு நடுக்கம். வெப்பமானி 101.3 பாகை பரனைட் காட்டியது. சின்னம்மாவைப் பார்த்து “நீ ஆர் பிள்ளை?” என்று கேட்டிருக்கிறா. பை நாலு மணித்தியாலமாக வெறுமை, அடிவயிறு கல்லுப்போல.

இதில் எது ஒன்று வந்தாலும் அன்றே டொக்டரிடம் போகவேண்டும்: 100.4 பாகைக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்க நோவு, சலம் வராமை, புதிய தடுமாற்றம் அல்லது அளவுக்கு மீறிய தூக்கம். நடுக்கத்தோடு மூச்சு வேகமானால், அல்லது எழுப்ப முடியாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு உடனே அழைக்கவேண்டும். முதியவர்களுக்குச் சிலவேளை காய்ச்சலே வராமல் தடுமாற்றம் மட்டும் வரும். பனடோல் கொடுத்து விடியும்வரை பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. சூடு இறங்கும், இரத்தத்துக்குள் போன கிருமி போகாது.

ஆஸ்பத்திரியில் முதலில் கதீற்றரை மாற்றினார்கள். சல மாதிரியைப் புதுக் குழாயிலிருந்துதான் எடுத்தார்கள், பழைய பையில் எடுத்தால் படலத்துக் கிருமிகள்தான் அகப்படும். கழற்றிய குழாயின் நுனியைத் தாதி காட்டினா. சலத்திலுள்ள யூரியாவைச் சில கிருமிகள் அமோனியாவாக்கும்போது உப்புகள் படியும். அப்படிப் படிந்து, நுனித் துளை வெள்ளை மணலால் அடைபட்டிருந்தது.