போனில் பளிச் மஞ்சள், பவுச்சில் ஏன் அழுக்கு மஞ்சள்?

மும்பை மாட்டுங்காவில் பொடி வகைகள் செய்து கடைகளுக்கும் ஆன்லைனிலும் விற்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “எங்கள் பிராண்டின் அடையாளமே மஞ்சள்தான். டிசைனர் போனில் காட்டியபோது பளிச்சென்று இருந்தது. அச்சாகி வந்த கண்ணாடி பவுச்சில் பருப்புப்பொடி போட்டால் பரவாயில்லை, எள்ளுப்பொடி போட்டால் அழுக்காகத் தெரிகிறது. மை மட்டமா?”

மையில் குற்றமில்லை. மைக்குப் பின்னால் வெள்ளை இல்லை.

திரை தானே ஒளி விடும்; மைக்கு அது முடியாது. மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிட்டு மற்றதை உள்ளே விடுகிறது, அவ்வளவுதான். உள்ளே போன ஒளி எதன் மேலாவது பட்டுத் திரும்பினால்தான் நமக்கு மஞ்சள். வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பும். எள்ளுப்பொடி விழுங்கிவிடும். பழுப்பு கிராஃப்ட் பேப்பரும் பாதியை விழுங்கும். வெள்ளிநிற ஃபிலிமோ ஒளியை ஒரே திசையில் அடிக்கும். அதனால் ஆன்லைன் படத்தில் கவர் ஓரிடத்தில் கண் கூசும், பக்கத்திலேயே கருக்கும்.

இதற்கு மருந்து வெள்ளை மை. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் ஒவ்வொரு துகளும் தனியாகப் பார்த்தால் நிறமற்றது! ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.7, சுற்றியுள்ள பிசினுக்கோ 1.5. இந்தப் பெரிய வித்தியாசத்தால் ஒவ்வொரு துகளிலும் ஒளி திசை மாறுகிறது. பல துகள்களில் முட்டி அலைந்து, பெரும்பகுதி வந்த பக்கமே வெளியேறுகிறது. எல்லா நிறமும் சேர்ந்து திரும்புவதால் வெள்ளை. சுண்ணாம்புத் தூளைப் போட்டால் இது நடக்காது. அதன் எண் 1.6க்குப் பக்கம் என்பதால் பிசினுக்குள் காணாமல் போய்விடும். துகளின் அளவும் முக்கியம்: 0.2 முதல் 0.3 மைக்ரான், அதாவது ஒளியின் அலைநீளத்தில் பாதி. அதைவிடப் பொடியானால் ஒளி நேராகக் கடந்துவிடும்.

பவுச்சில் பெரும்பாலும் வெளி ஃபிலிமின் உள்பக்கத்தில் அச்சிடுவார்கள். அதனால் கலர்கள் முதலில், வெள்ளை கடைசியில். டிசைன் ஃபைலில் வெள்ளையைத் தனி அடுக்காகக் கேளுங்கள். அது கலரைவிட ஓரத்தில் 0.1 மில்லிமீட்டராவது உள்வாங்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் அச்சு சற்றே நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். வெள்ளிநிற ஃபிலிமில் வெள்ளையை வேண்டுமென்றே அடிக்காமல் விட்ட இடத்தில் மஞ்சள் தங்கமாக மின்னும். பார்டருக்கு அழகு. பெயருக்கும் பச்சை வட்டக் குறிக்கும் வேண்டாம், போட்டோவில் படிக்க முடியாது.

ராசியான நிறம் கேட்கச் செலவழிக்கும் பணத்தில் உண்மையான ஃபிலிமிலேயே ஒரு சாம்பிள் அடித்துப் பாருங்கள். தாளில் அடித்த சாம்பிள் இந்தக் குறையைக் காட்டவே காட்டாது. அந்த ஃபிலிமைப் பாதி வெள்ளைத் தாள்மீதும் பாதி கறுப்புத் துணிமீதும் வையுங்கள். இரண்டு பக்கமும் மஞ்சள் வேறுவேறாகத் தெரிந்தால் வெள்ளை போதவில்லை; பிரிண்டரிடம் இன்னொரு பூச்சு கேளுங்கள்.