ரப்பர் தடி விற்ற காசும் கணக்கியல் தரநிலையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். ரப்பர் மரம் பாலுக்காக நிற்கிறது. முப்பது வருடம் ஆனபிறகு அதே மரத்தை வெட்டித் தடி வியாபாரியிடம் கொடுத்தால் நல்ல காசும் கிடைக்கிறது. அப்படியானால் அந்த மரம் கம்பெனியின் இயந்திரத்தைப் போல ஒரு நிலைச் சொத்தா, இல்லை அதுவே ஒரு விளைச்சலா?

இதற்கான விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், அதில் நம் முடிவுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பது புரியும். லண்டனில் இருக்கும் சர்வதேச கணக்கியல் தரநிலை வாரியத்தின் வேளாண்மைத் தரநிலையான ஐஏஎஸ் 41 தொடக்கத்தில், தோட்டத்தில் நிற்கும் எல்லா மரத்தையும் வருடா வருடம் சந்தை மதிப்பில் காட்டச் சொன்னது. மலேசியா போன்ற நாடுகளின் தோட்டத்துறையிலிருந்து எதிர்ப்பு வந்தது. யாரும் விற்காத, தனியாகச் சந்தையே இல்லாத ஓர் எண்ணெய்ப் பனைக்கு எப்படி விலை போடுவது என்று கேட்டார்கள். வாரியம் 2013-ல் ஒரு வரைவை வெளியிட்டு கருத்துக் கேட்டது. 2014 ஜூனில் திருத்தம் வந்தது. பல வருடம் விளைச்சல் தரும் மரங்கள் இனி இயந்திரம், கட்டிடம் போலவே நிலைச் சொத்துத் தரநிலைக்குள் வரும். மரத்தில் நிற்கும் விளைச்சல் மட்டும் வேளாண்மைத் தரநிலையிலேயே இருக்கும் என்றது.

இந்தியாவில் அது நேரடியாகச் சட்டமாகிவிடாது. பட்டயக் கணக்காளர் கழகத்தின் தரநிலை வாரியம் வரைவு தயாரித்துக் கருத்துக் கேட்கும். கழகத்தின் பரிந்துரையை மத்திய அரசு, தேசிய நிதி அறிக்கை ஆணையத்தைக் கலந்து, கம்பெனிச் சட்டம் 2013-ன் 133-வது பிரிவின்படி விதியாக அறிவிக்கும். 2018-க்கு முன்பு அந்த ஆணையத்தின் இடத்தில் ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கு, சர்வதேச தரநிலைகளை ஒட்டிய இண்ட் ஏஎஸ் வரிசை. நம்ம ஊர் பிரைவேட் லிமிடெட் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் 2016-ல் திருத்தப்பட்ட, நிலைச் சொத்துக்கான ஏஎஸ் 10. விளைச்சல் தரும் மரங்களைப் பொறுத்தவரை இரண்டிலும் வரையறை ஏறக்குறைய ஒன்றுதான். சொந்தப் பெயரில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

அந்த வரையறையில் மூன்று நிபந்தனைகள். மரம் வேளாண் விளைபொருள் தர வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் தர வேண்டும். ரப்பருக்கு இந்த இரண்டிலும் சந்தேகமே இல்லை. மூன்றாவதில்தான் சிக்கல். மரத்தையே விளைபொருளாக விற்கும் வாய்ப்பு மிக அரிதாக இருக்க வேண்டும். பலன் நின்றபிறகு விறகுக்கு வெட்டி விற்பது போன்ற தற்செயலான கழிவு விற்பனை மட்டும் பரவாயில்லை. பழத்துக்கும் தடிக்கும் சேர்த்தே வளர்க்கும் மரம் இதில் சேராது.

ஐஏஎஸ் 41 ரப்பர் மரத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அது வழக்கமாக இந்த வகைக்குள் வரும் என்றுதான் சொல்கிறது, எப்போதும் வரும் என்று சொல்லவில்லை. ரப்பர் தடி இப்போது விறகாக மட்டும் போவதில்லை. பிளைவுட்டுக்குப் போகிறது, பதப்படுத்தி மேசை நாற்காலியும் செய்கிறார்கள். அதைத் தற்செயலான கழிவு என்று எந்தத் தொகை வரை சொல்லலாம்? தரநிலை ஒரு சதவீதம் தரவில்லை. தந்திருக்கவும் கூடாது என்பது என் கருத்து. 20 சதவீதம் என்று எழுதியிருந்தால், 19-ல் நிற்கும்படி மதிப்புப் போட்டுக் கொண்டுவர ஆள் இருக்கும்.

அதனால் தொகையை மட்டும் பார்த்து நான் முடிவுக்கு வருவதில்லை, நோக்கத்தைத் தேடுகிறேன். பாலுக்குப் பேர் போன ஆர்ஆர்ஐஐ 105 போன்ற ரகம் நட்டார்களா, தடியை எண்ணி வேறு ரகம் நட்டார்களா? மரத்தை வெட்டும் முடிவை எது தீர்மானித்தது, பால் குறைந்ததா, தடி விலை ஏறியதா? பழைய பிளாக்குகளை எந்த வயதில் வெட்டினார்கள் என்று பதிவேட்டில் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். பால் நன்றாக வடியும் 18 வயது மரங்களைத் தடி விலைக்காகத் தொடர்ந்து வெட்டியிருந்தால், அந்தக் கம்பெனி சொல்லும் நோக்கத்தை நான் நம்பமாட்டேன். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து நம்ம மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. அந்த வருடம் ஒரு தோட்டத்தில் தடி வருமானம் பால் வருமானத்தைத் தாண்டியிருந்தாலும், அது தடி வியாபாரம் ஆகிவிடாது. சாய்ந்த மரத்தை விற்பதைத் தவிர அவர்களுக்கு வழி இல்லை. வெறும் சதவீதத்தை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு தோட்டங்களும் ஒன்றுபோலத் தெரியும்.

சரி, மரம் நிலைச் சொத்துதான் என்று முடிவாகிவிட்டது. அடுத்து அதே தடிக்காசு தேய்மானக் கணக்கில் மறுபடி தலைகாட்டும். ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். நட்டு, பால் வெட்டும் பருவம் வரை வளர்க்க ஆன செலவு 60 லட்சம் ரூபாய், அதன்பிறகு 25 வருடம் பால் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். (பருவம் என்பதற்கு ரப்பர் வாரியம் சொல்லும் அளவு தெளிவானது. ஒட்டு மரமானால் ஒட்டிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. இருக்க வேண்டும், பிளாக்கில் 70 சதவீத மரங்கள் அதை எட்டியிருக்க வேண்டும். தேய்மானம் எப்போது தொடங்குவது என்பதற்கு நான் நம்புவது இந்தச் சுற்றளவுப் பதிவேட்டைத்தான்.) பொதுவாகத் தோட்ட மேனேஜர்கள் சொல்வது இப்படி இருக்கும்: "25 வருஷம் கழிச்சு தடி விலை ஏறத்தானே செய்யும் சாரே, 40 லட்சம்னு வச்சுக்கலாம்." அப்படி வைத்தால், செலவில் அந்தத் தடிக்காசு போக மீதி 20 லட்சத்தை 25-ஆல் வகுத்து, வருடத் தேய்மானம் 80 ஆயிரம்தான் வரும். லாபம் பார்க்க நன்றாக இருக்கும்.

ஏஎஸ் 10 கேட்பது வேறு. அந்த பிளாக் இன்றைக்கே வெட்டும் வயதில் இருந்தால், இன்றைய விலையில், வெட்டுக்கூலியும் ஏற்றுகூலியும் போக என்ன கிடைக்கும்? அதுதான் இறுதி மதிப்பு. வரப்போகும் விலையேற்றத்துக்கு அதில் இடமில்லை. பக்கத்தில் சமீபத்தில் வெட்டிய பழைய பிளாக்கின் விற்பனைச் சீட்டுகளை வைத்துப் பார்த்தால் 20 லட்சம் வருகிறது என்று கொள்வோம். அப்போது தேய்மானம் வருடத்துக்கு 1,60,000 ரூபாய், மேனேஜர் சொன்னதில் இரண்டு மடங்கு. இந்த மதிப்பை வருடக் கடைசியில் மறுபடி பார்க்க வேண்டும். விலை மாறினால் இனிமேல் வரும் வருடங்களின் தேய்மானம்தான் மாறும், பழைய கணக்கைத் திருத்துவதில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முக்கியம். முதல் தாளில் தடி வெறும் கழிவு என்று எழுதிவிட்டு, இரண்டாம் தாளில் செலவின் மூன்றில் இரண்டு பங்கு தடியிலிருந்து திரும்பி வரும் என்று எழுதினால், படிப்பவர் எதை நம்புவார்? மூன்றில் ஒரு பங்கே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ரகம், வெட்டிய வயது, பால் வருமானம் எல்லாம் பால் நோக்கத்தையே காட்டுவதால் நான் ஏற்றுக்கொள்வேன், காரணத்தையும் எழுதி வைப்பேன். இதே தாள்களைப் பார்த்துவிட்டு, தடிக்கு இவ்வளவு நிலையான சந்தை இருக்கும்போது அது கழிவே அல்ல என்று வாதிடும் கணக்காளரும் உண்டு. அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் வழியில் போனால் மரம் ஏஎஸ் 10-க்கு வெளியே போய்விடும், சிறு கம்பெனிகளுக்கு வேளாண்மைக்கென்று தனி ஏஎஸ் இல்லை. அப்புறம் எந்த அடிப்படையில் காட்டுவது என்பதையும் அவரே நியாயப்படுத்த வேண்டியிருக்கும்.

இதே தோட்டத்தின் எல்லையில் பெரும்பாலும் அயினியும் பலாவும் நிற்கும். அயினியைத் தடிக்காகவே வளர்க்கிறார்கள் என்றால் அதில் யோசிக்க எதுவுமில்லை, அது ஏஎஸ் 10-ல் சேராது. பலா பழமும் தரும், தடியும் தரும். இரண்டுக்கும் சேர்த்து நட்டிருந்தால் தரநிலை விலக்கச் சொன்னது அந்த மரத்தைத்தான். அதனால் சொத்துப் பதிவேட்டில் ரப்பர் பிளாக்கோடு எல்லை மரங்களையும் ஒரே வரியில் எழுதியிருந்தால், முதல் வேலையாக அந்த வரியைப் பிரிக்கச் சொல்வேன்.