கன்னடப் பலகையைத் தமிழ் எழுத்தில் வாசிக்கும்போது என்ன நடக்கிறது

ஐப்பசியில் மாயவரம் துலாக்கட்டத்தில் முழுக்குப் போடுகிறவர்களில் சிலர் அதே மாதம் காவிரி பிறக்கிற இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று தலைக்காவிரிக்குக் கிளம்புவார்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூருக்கு ரயில் இருக்கிறது, அதுவரை சிக்கல் இல்லை. மைசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பல பஸ்களின் பலகை முழுக்கக் கன்னடத்தில் இருக்கும். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பு எதற்கும் உதவாது, ஏனென்றால் பலகையில் இருப்பது ஊர்ப்பெயர், அதற்கு அர்த்தம் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? அது வாயில் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்தால் போதும், கண்டக்டரிடம் கேட்டுவிடலாம். அந்த வேலையைச் செய்வதுதான் எழுத்துப்பெயர்ப்பு. அர்த்தத்தைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றும்.

கன்னடத்திலிருந்து தமிழுக்கு இது எவ்வளவு எளிது என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, அதுதான் யூனிகோடு. இந்திய எழுத்துகளுக்கு யூனிகோடில் இடம் ஒதுக்கியபோது, இந்தியாவில் 1980களில் உருவான இஸ்கி என்ற குறியீட்டு முறையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அதில் அடங்கிய எல்லா இந்திய எழுத்துக்கும் வரிசை ஒன்றுதான். அதனால் கன்னட ಕ இருக்கும் இடம் U+0C95 என்றால் தமிழ் க இருக்கும் இடம் U+0B95. சரியாக 256 கழித்தால் தமிழ். ம, ர, ல, வ, துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாமே இப்படித்தான். மைசூரிலிருந்து குடகுக்குப் போகும் வழியில் வரும் ஹுணசூரை எடுத்துக்கொள்ளுங்கள், பலகையில் ಹುಣಸೂರು என்று இருக்கும். ஒவ்வொரு எழுத்திலும் 256 கழித்தால் ஹுணஸூரு என்று அப்படியே வந்துவிடும். அகராதியும் வேண்டாம், வேறு புத்திசாலித்தனமும் வேண்டாம்.

ஆனால் எல்லா ஊரும் ஹுணசூர் இல்லை. அதே பக்கம் கோணிக்கொப்பா என்று ஒரு ஊர், பலகையில் ಗೋಣಿಕೊಪ್ಪ. முதல் எழுத்து ಗ, அதன் எண் U+0C97. கழித்துப் பார்த்தால் U+0B97, அங்கே தமிழில் எழுத்தே கிடையாது, காலி இடம். கன்னடத்தில் க வரிசையில் நான்கு எழுத்து, நம்மிடம் ஒன்று, அதனால் தமிழ்ப் பகுதியில் நடுநடுவே இப்படி இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. எழுத்துப்பெயர்ப்புக் கருவி அங்கே முட்டி நிற்காமல் அந்த வரிசையின் முதல் எழுத்தான க-வைப் போட்டுவிடும், விளைவு: கோணிகொப்ப.

இப்போது அதைச் சத்தமாக வாசியுங்கள். தமிழ் வாசிக்கிறவர்கள் சொல்லின் முதலில் வரும் க-வை வல்லினமாக, 'கடல்' என்பதில் வருவது போல அழுத்திச் சொல்வோம். இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் 'பகல்' என்பதில் வருவது போலத் தளர்த்திவிடுவோம். யாரும் சொல்லித்தரவில்லை, நாக்கு தானாகச் செய்கிறது. கன்னடக்காரர் சொல்வதோ இதற்கு நேர் எதிர்: முதல் எழுத்து 'தங்கம்' என்பதில் வருகிற மெலிந்த ஒலி, நடுவில் வருவது 'கடல்' ஒலி. ஆக ஒரே சொல்லில் இரண்டு க-வும் தலைகீழ். எழுத்து மாற்றியதில் கருவி தவறே செய்யவில்லை, ஆனாலும் ஒலி கெட்டுவிட்டது. தலைக்காவிரியிலும் இதே கதை. ತಲಕಾವೇರಿ என்பதன் எல்லா எழுத்துக்கும் தமிழில் ஜோடி உண்டு, தலகாவேரி என்று சுத்தமாக வரும், ஆனால் நடுவிலுள்ள கா-வை நாம் தளர்த்தி வாசிப்போம், அவர்கள் அழுத்துவார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் க் சேர்த்து எழுதுவது இந்த அழுத்தத்தைக் காப்பாற்றிவிடுகிறது.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, டெல்டாவில் பலர் வீட்டிலும் பார்த்திருப்பார்கள். சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் தோளில் சின்னதாக எண் அச்சிட்டிருக்குமே, அதுதான். 3 என்றால் மெலிந்த ஒலி, 2-உம் 4-உம் மூச்சு சேர்ந்தவை, எண் இல்லாவிட்டால் முதல் ஒலி. அக்ஷரமுகா என்ற இலவச இணையக் கருவியில் தமிழ் எழுத்தை இப்படி எண்ணோடு எடுக்க முடியும். அப்போது கோணிக்கொப்பா கோ³ணிகொப்ப என்று வரும். தலைக்காவிரிக்குப் பக்கத்து ஊரான பாகமண்டலா பா⁴க³மண்ட³ல என்று வரும். இந்த எண்ணைப் பார்த்து வாசிக்கப் பழகுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, ஒரே ஒரு விஷயம்தான் மனதில் வேண்டும்: எண் இல்லாத க எங்கே வந்தாலும், நடுவில் வந்தாலும், அழுத்தமான க. தமிழ்ப் பழக்கத்தை அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

பலர் செய்வது வேறு. போனின் மொழிபெயர்ப்புச் செயலியில் கேமராவைக் காட்டிவிட்டு, கன்னடத்துக்குக் கீழே வரும் ரோமன் எழுத்தை வாசிக்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த ரோமன் எழுத்து ஆங்கில உச்சரிப்புக்காக எழுதப்படுவது இல்லை. கல்வித்துறையினர் பயன்படுத்தும் முறையில் t என்றால் த, கீழே புள்ளி வைத்த ṭ என்றால்தான் ட, c என்றால் ச. மைசூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் போகிற ஒரு ஊர் அந்த முறையில் Cāmarājanagara என்று வரும். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அதைப் பார்த்தால் காமராஜ் நகர் என்றே வாசிப்பார், அப்படி ஒரு ஊர் கர்நாடகத்தில் எங்கே என்று கண்டக்டர் விழிப்பார். அது சாமராஜநகர். இந்தக் காரணத்துக்காகவே ரோமனை விட எண் போட்ட தமிழ் எழுத்து நமக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன்.

எழுத்தை மாற்றுவதற்கு முன் கேமரா அதைச் சரியாகப் படித்திருக்க வேண்டும், நிஜத்தில் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். கன்னடத்தில் ವ என்பதும் ಮ என்பதும் சாயலில் நெருக்கம், வலது பக்கம் வளையும் கொக்கிதான் வித்தியாசம். தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படத்தில் அது தொலைந்துவிடும், வ-வும் ம-வும் இடம் மாறும், ஊர்ப்பெயர் வேறாகிவிடும். ದ, ಧ என்ற ஜோடியும் அப்படித்தான், கீழே ஒரு சின்னக் கோடுதான் பேதம், ஆனால் அது தவறினாலும் நமக்கு நஷ்டம் குறைவு, இரண்டுமே தமிழில் த தான், தோளில் இருக்கும் எண் மட்டும் மாறும். அதனால் படம் எடுத்ததும் கருவி படித்த கன்னட எழுத்தைப் பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கன்னடம் தெரியாவிட்டாலும் வடிவம் பொருந்துகிறதா என்று கண்ணுக்குத் தெரியும், வ, ம இரண்டை மட்டும் உற்றுப் பார்த்தால் பாதிக் கவலை தீரும். எல்.இ.டி. பலகை என்றால் படத்தில் பாதி வரிகள் அணைந்தே இருக்கும், ஏனென்றால் அந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை, வரிசை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாறி மாறி எரிகின்றன. வீடியோ எடுத்து, எழுத்து முழுசாகத் தெரிகிற ஒரு நொடியில் நிறுத்தி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுங்கள்.

கடைசி உயிரை விழுங்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். கன்னடத்தில் பொதுவாக எழுதியபடி வாசிக்கலாம், பாகமண்டல என்பதில் கடைசி அகரம் ஒலிக்கும், பேச்சில் கொஞ்சம் நீண்டுகூட வரும். ரயில் நிலையப் பலகையில் இப்படி அகரத்தில் முடிகிற ஒரு பெயர் தேவநாகரியில் இருந்து, இந்திக்கான அமைப்பில் கருவி அதை வாசித்தால் அந்த அகரம் காணாமல் போகும், ஏனென்றால் இந்தியில் சொல்லின் கடைசி அகரத்தை உச்சரிப்பதில்லை. பலகையில் இரண்டு எழுத்தும் இருந்தால் கர்நாடகத்து ஊருக்குக் கன்னட வரியையே படம் எடுங்கள்.

ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திக் கேட்கலாமே என்றால், தாராளமாகக் கேட்கலாம், ஆனால் கன்னட வரிக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். தமிழ் வரிக்குப் பக்கத்தில் இருப்பதை அழுத்தினால், தமிழ்க் குரல் தமிழ் விதிப்படிதான் வாசிக்கும், கோணிகொப்ப மறுபடியும் தலைகீழாகும்.