தாச்சியை விடாத பாரை

"காலையில் கரைவலையில் வந்த பாரை, நல்ல புதுசு. தாச்சியில் போட்டுத் திருப்பினால் தோல் தாச்சியோடு, சதை தட்டகப்பையோடு. எண்ணெய் காணாதோ?" என்று திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். எண்ணெய் காணும். தண்ணீர்தான் கூடிவிட்டது.

மீன் சதையிலுள்ள புரதங்கள் மடித்துச் சுருட்டிய நூலுருண்டைகள் போன்றவை. சூடேறினால் அவை அவிழும். மீனில் இது 40 டிகிரியைத் தாண்டும்போதே தொடங்கிவிடுகிறது. இறைச்சிக்கு இதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அவிழ்ந்த நூல்கள் பக்கத்தில் எது இருந்தாலும் பற்றிக்கொள்ளும். தாச்சியின் அடி நம் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும், நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இளஞ்சூட்டில் மீனைப் போட்டால், ஈரச்சதை எண்ணெயை ஒதுக்கிவிட்டு அந்தப் பள்ளங்களுக்குள் படிந்து, அங்கேயே வெந்து இறுகுகிறது. சூடான எண்ணெயில் கதை வேறு. துண்டின் மேற்பரப்பு உலோகத்தைத் தொட்டுப் படியுமுன்னே தனக்குள் இறுகிவிடும். அடியிலிருந்து சீறி வரும் நீராவியும் துண்டைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கும். மீன் போட்டதும் கேட்கும் அந்த 'சர்ர்' சத்தம் நீராவியின் சத்தம்தான்.

இதில் மிக அழகான விஷயம், ஒட்டிய மீன் தானாகவே விட்டுவிடுவது. அடிப்பக்கம் காயக் காய, புரத நூல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துப் பொருக்காகின்றன. பொருக்கு சுருங்கி விறைக்கும்போது தாச்சியில் இருந்த பிடி நழுவுகிறது. ஒரு நிமிடத்தில் பிய்த்தால் கிழியும் அதே துண்டு, நான்காவது நிமிடத்தில் தட்டகப்பை பட்டதும் வழுக்கி நகரும். ஓரம் பொன்னிறமாகி, தாச்சியை ஆட்டும்போது துண்டும் சேர்ந்து நகர்ந்தால் திருப்பலாம். நகராவிட்டால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள்.

இனித் தண்ணீருக்கு வருவோம். 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 290 ஜூல் போதும். அதை ஆவியாக்க மேலும் 2260 ஜூல் வேண்டும். மீனோடு ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அதாவது 5 கிராம், தாச்சிக்குள் போனால் ஆவியாக்க மட்டும் 11,300 ஜூல் செலவாகும். அடுப்பையும் தாச்சியையும் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 100 மில்லிலீற்றர் எண்ணெயின் சூட்டை ஏறத்தாழ 60 டிகிரி இறக்க அது போதும். 180 டிகிரியில் இருந்த எண்ணெய் 120-க்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் மீன் பொரியாது, அவியும், ஒட்டும்.

அரைக் கிலோ பாரையை ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, ஒரு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் பூசிக் கால் மணித்தியாலம் வையுங்கள். உப்பு உள்ளிருந்து நீரை இழுத்து வெளியே விடும். அந்த நீரைத் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான்: மிளகாய்த்தூளையும் முதலிலேயே பூசிவிடுவதால், ஒற்றினால் அதுவும் போய்விடுமே என்று ஈரத்தோடு போடுகிறார்கள். மிளகாய்த்தூளை மாவோடு சேர்த்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவும் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவும் எடுங்கள். துண்டில் மிஞ்சிய ஈரத்தைக் குடித்து மாப்பொருள் வீங்கி, பிறகு எண்ணெயில் நீரை இழந்து கண்ணாடி போல விறைக்கும். மொறுமொறுப்பு என்பது அந்த விறைப்புத்தான். கோதுமை மாவின் பசைப்புரதம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அது கூடினால் பூச்சு தோல்போல இழுபடும். அரிசி மா மட்டும் என்றால் மொறுமொறுப்பு வரும், ஆனால் எண்ணெயில் உதிர்ந்து கருகும். மாவில் புரட்டி, உதறி, உடனே போடுங்கள். பத்து நிமிடம் வைத்தால் மா ஊறிக் களியாகிவிடும்.

எண்ணெய் துண்டின் பாதி உயரத்துக்கு இருக்கட்டும். ஒரு சிட்டிகை மா தூவினால் உடனே நுரைத்துப் பரவ வேண்டும். அமிழ்ந்து கிடந்தால் சூடு போதாது, நொடியில் கறுத்தால் கூடிவிட்டது. துண்டுகளை நெருக்கிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் தண்ணீர் விடும்.

பொரித்ததைத் தட்டில் அடுக்கினால் அடித்துண்டு தன் ஆவியிலேயே நமத்துவிடும். கம்பித் தட்டு நல்லது. பொரித்த மீனை வெளியே கொடுத்தனுப்பும்போது பேய் தொடராமல் இருக்கக் கரித்துண்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பேயை எனக்குத் தெரியாது. டப்பாவுக்குள் அடைபட்ட ஆவிக்கு ஒரு கரித்துண்டு போதாது. மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக் கொடுங்கள்.