வயிற்றில் முடி இல்லாத பூனை: மனசா, அரிப்பா?

மேசைமேல் மல்லாத்திப் பிடித்தபோது அந்தப் பூனையின் அடிவயிறு முழுக்க ஷேவ் செய்ததுபோல் இருந்தது. உள்தொடை இரண்டும் அப்படியேதான். ஐந்து வயது, கருத்தடை செய்த பெண் பூனை. மூன்றாம் மாடி ஃபிளாட்டை விட்டு வெளியே போனதே இல்லை. பெயர் மீனு.

"ரெண்டு மாசம் முன்னாடி தெருவுல கெடந்த ஒரு குட்டியத் தூக்கிட்டு வந்தோம் டாக்டர். அன்னைலேர்ந்து இப்படித்தான். பொறாமை. மனசு ஒடஞ்சு போச்சு இவளுக்கு" என்றார் அந்த அம்மா. மன அழுத்தத்துக்கென்று ஆன்லைனில் ஒரு ஸ்பிரே வாங்கி வீடு முழுக்க அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நிறைய நக்குறாளா?"

"நக்கி நான் பார்த்ததே இல்ல. முடி தானா கொட்டுது."

இந்தப் பதிலை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பூனை நாள்தோறும் பல மணி நேரம் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. கூடுதலாக நக்கினாலும் நம் கண்ணுக்கு அது வழக்கமான குளியலாகத்தான் தெரியும். சில பூனைகள் கட்டிலுக்கு அடியில் போய் நக்கும். அதனால் நான் முதலில் முடியைத்தான் கேட்பேன். வழுக்கையின் ஓரத்தில் நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து நுனியைப் பார்க்க வேண்டும். தானாக உதிர்வதாக இருந்தால், மிச்சமிருக்கும் முடியின் நுனி இயல்பாகக் கூர்ந்து முடியும். நக்கினால் பூனை நாக்கின் முட்கள் முடியை அறுத்துவிடும், நுனி மொட்டையாக, பிய்ந்த துடைப்பம்போல் இருக்கும். மீனுவின் முடி எல்லாமே பிய்ந்த துடைப்பம். கொட்டவில்லை, அவள்தான் அறுக்கிறாள்.

சரி, ஏன் நக்குகிறாள்? தோல் சுத்தமாக, சிவப்போ புண்ணோ இல்லாமல் இருந்தால் அது மனப் பிரச்சினைதான் என்று நினைக்கத் தோன்றும். தவறு. அலர்ஜி உள்ள பூனைக்கும் தோல் பளிங்குபோல் இருக்கலாம், முடி மட்டும் போயிருக்கும். மறுபக்கம் தெளிவானது: வயிற்றில் சிவந்து, தடித்து, ஈரமாக ஒரு திட்டு இருந்தால், என் பார்வை உடனே அலர்ஜி பக்கம் திரும்பும். முதுகில் முடிக்கு எதிராக விரலை ஓட்டும்போது ரவைபோல் பொருக்குகள் நெருடினாலும் அப்படித்தான். மீனுவின் வால் ஆரம்பிக்கும் இடத்தில் நாலைந்து ரவை நெருடியது.

தெள்ளுச் சீப்பால் அவளை வாரினேன். ஒன்றும் இல்லை. "மாடி வீட்டுல எப்படி டாக்டர் வரும்?" என்றார் அம்மா. அடுத்த நாள் குட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். வாரியதும் கருப்புத் தூளாக உதிர்ந்தது. அதை ஈரப் பஞ்சில் வைத்ததும் செம்பழுப்பாகக் கசிந்தது. சாதாரண அழுக்கு அப்படிக் கசியாது, அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். குட்டியின் ஆசனவாய் அருகில் அரிசிமணிபோல் நாடாப்புழுத் துண்டுகளும் இருந்தன. தெள்ளை விழுங்கும் பூனைக்கு வருகிற புழு அது.

குட்டி வந்ததும் முடி போனதும் ஒரே நேரம் என்று அந்த அம்மா சொன்னது சரிதான். குட்டி கூடவே எதைக் கொண்டுவந்தது என்பதில்தான் கணக்குப் பிசகியது. இவ்வளவு தெள்ளு இருந்தும் குட்டி சொறியவே இல்லை. மீனுவுக்கோ தெள்ளின் எச்சில் ஒவ்வாது, சில கடிகளே போதும். அரிக்கிற பூனை தெள்ளை நக்கி விழுங்கியும் விடுகிறது. அதனால், சீப்பில் தெள்ளு கிடைக்காததை வைத்து அந்தப் பூனைக்குத் தெள்ளு அலர்ஜி இல்லை என்று சொல்லவே முடியாது.

மாதம் ஒருமுறை கழுத்தின் பின்புறம் விடும் சொட்டு மருந்து, இரண்டு பூனைக்கும், மூன்று மாதம். ஒரு மாதத்தோடு நிறுத்தினால் பயனில்லை. கூட்டுப்புழுவாகத் தரையிடுக்கிலும் மெத்தையிலும் கிடப்பவை வாரக்கணக்கில் காத்திருந்து வெளிவரும். ஒரு எச்சரிக்கை: நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனைக்கு அது நஞ்சு, வலிப்பு வந்து சாகும்.

கூடவே முதல் பத்து நாளுக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுத்தேன். அதில் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையும் அடங்கியிருக்கிறது. அரிப்பால் நக்கும் பூனை ஸ்டீராய்டில் பெரும்பாலும் அடங்கும், மனப் பழக்கத்தால் நக்கும் பூனை மாறாது. முழு நிச்சயமில்லை, உணவு அலர்ஜியில் சில சமயம் ஸ்டீராய்டும் சரியாகக் கேட்காது. படர்தாமரையோ கிருமித்தொற்றோ இல்லை என்று பார்க்காமல் இதைத் தொடங்கவும் கூடாது. மீனு நான்காம் நாளே நக்குவதைக் குறைத்துவிட்டாள். மூன்றாம் மாதம் வயிறு நிறைய வெள்ளை முடி. குட்டி அதே வீட்டில், அவள் தலைமேல் ஏறித்தான் விளையாடுகிறது.

தெள்ளு மருந்துக்கு மசியாதபோது அடுத்தது உணவுச் சோதனை. குறைந்தது எட்டு வாரம், டாக்டர் சொன்ன ஒரே உணவு. நம் வீடுகளில் இது தோற்கும் இடம் எனக்கு மனப்பாடம்: பாட்டி. மீன் தலையோ, தட்டில் ஒரு வாய் பாலோ, ரகசியமாகப் போய்விடும், எட்டு வாரமும் வீண். முடி வளர்ந்தபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, மறுபடி நக்குகிறதா என்று பார்த்தால்தான் உணவு என்று உறுதியாகும். ரத்தப் பரிசோதனையில் உணவு அலர்ஜியைச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றின் கீழ்ப்பகுதி மட்டும் வழுக்கையானால் சிறுநீரையும் பார்ப்பேன். சிறுநீர்ப்பை வலிக்கும் பூனை அந்த இடத்தையே நக்கும்.

மன அழுத்தம் என்ற பெயர் இவ்வளவுக்கும் பிறகுதான் வர வேண்டும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மனக் காரணம் என்று சந்தேகிக்கப்பட்ட 21 பூனைகளை முழுக்கச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடல் காரணம், 3க்கு இரண்டும், வெறும் மனக் காரணம் 2க்கு மட்டும். சின்ன ஆய்வுதான். ஆனால் நான் பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான்.

அந்த இரண்டில் சேரக்கூடிய பூனை ஒன்று என்னிடம் சிகிச்சைக்கு வருகிறது, எட்டு வயது ஆண். தெள்ளு மருந்து, உணவுச் சோதனை, ஸ்டீராய்டு, சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் ஒன்றுமில்லை. பழைய போனைப் புத்தக அலமாரியில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். தினமும் மாலை பால்கனிக் கண்ணாடிக்கு வெளியே ஒரு தெருக் கடுவன் வந்து உட்கார்கிறது. இது வெறித்துப் பார்க்கிறது, பிறகு சோபாவுக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் நக்குகிறது. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டினோம், உயரத்தில் ஒரு பலகை அடித்தோம், மனப் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளுவாக்ஸெடின் கொடுத்தோம். அந்த மாத்திரை வேலை செய்யவே நாலைந்து வாரம் ஆகும். நான்காம் மாதம் முடி வந்தது.

போன மாதம் அந்த வீட்டில் பெயின்ட் அடித்தார்கள். உள்தொடையில் மறுபடி ஒரு திட்டு. இந்த முறை பூனையை வளர்ப்பவரே தெள்ளுச் சீப்பால் வாரிப் பார்த்துவிட்டு, ஈரப் பஞ்சைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பஞ்சு வெள்ளையாக இருந்தது.