கல்லுப்பைக் கழுவும் முன்

"அயடீன் உப்பைக் குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தால் அயடீன் ஆவியாகிப் போய்விடுமாமே, பிறகு எதற்கு அந்த உப்பு?" உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். பாதி பேருக்கு வட்ஸ்அப்பில் வந்த செய்தி, மீதிப் பேருக்கு யாரோ உறவினர் சொன்னது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கொழும்பு வீடுகளில் அயடீன் போகிற பெரிய வழி அடுப்பு அல்ல என்பதே என் அனுபவம்.

முதலில், அயடீன் உப்புக்கும் வெறும் உப்புக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் சோடியம் குளோரைட்டுத்தான். ஒரு கிலோ உப்பில் 20 மில்லிகிராம் அயடீன் இருக்க வேண்டுமானால் அதில் 34 மில்லிகிராம் பொற்றாசியம் அயடேற்று சேர்த்தால் போதும். அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு சிறு சிட்டிகைகூட இல்லை. நாக்குக்கும் கண்ணுக்கும் அது தெரியாது. "அயடீன் உப்பு கொஞ்சம் கசக்கும்" என்பவர்கள் உணர்வது பெரும்பாலும் சரியாகக் கழுவி எடுக்காத மக்னீசிய உப்பின் கசப்பை. பிரசர் உள்ளவர்களுக்கும் இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் சோடியம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கடலில் இருந்து வரும் உப்பில் இயற்கையாகவே அயடீன் இருக்குமே?" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது, ஆனால் கணக்குப் பார்த்தால் கொஞ்சமே. ஒரு லீற்றர் கடல் நீரில் கிட்டத்தட்ட 35 கிராம் உப்புகள் உள்ளன. அயடீன் வெறும் 60 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். அந்த அயடீன் முழுவதும் உப்போடு ஒட்டிக்கொண்டாலும் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாது. உண்மையில் அவ்வளவும் ஒட்டுவதில்லை, உப்புப் படிந்தபின் வடித்துவிடும் கசப்பு நீரோடு பெரும்பகுதி போய்விடும். வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயடீன் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அம்பாந்தோட்டையோ புத்தளமோ ஆனையிறவோ, எந்த உப்பளத்து உப்பானாலும் தொழிற்சாலையில் அயடேற்றுக் கரைசலைத் தெளித்தால்தான் அந்த அளவு வரும். சுப்பர்மார்க்கெட்டில் நல்ல விலைக்கு வாங்கும் இளஞ்சிவப்பு இமாலய உப்பும், அயடீன் சேர்த்தது என்று பக்கற்றில் போடாதவரை, இந்த விஷயத்தில் வெறும் உப்புத்தான்.

நம் பக்கத்துக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், தென்மேற்கு ஈரவலயத்தில் விடாமல் பெய்யும் மழை மண்ணில் உள்ள அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கொழும்பு, களுத்துறை, இரத்தினபுரிப் பக்கங்களில் கழுத்து வீங்கும் கண்டக்கழலை ஒருகாலத்தில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒன்றாக இருந்தது. 1995இல் உணவுச் சட்டத்தின் கீழ் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமானது.

சரி, அடுப்புக்கு வருவோம். அயடீன் என்ற தனிப்பொருள் எளிதில் ஆவியாகும் என்பது உண்மை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அந்த ஊதா நிறப் புகையைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பயம் அதிகம் வருகிறது. ஆனால் உப்பில் இருப்பது தனி அயடீன் அல்ல, ஒட்சிசனோடு சேர்ந்த அயடேற்று. அது தானாகச் சிதைய ஏறத்தாழ 560 பாகை செல்சியஸ் வேண்டும். கொதிக்கும் குழம்பு 100 பாகையைச் சற்றுத்தான் தாண்டும், பொரிக்கும் எண்ணெய் 180 பாகை அளவில் இருக்கும். ஆகவே வெறும் சூடு அயடேற்றை ஒன்றும் செய்யாது. சட்டியில் இருக்கும் மற்றப் பொருட்கள்தான் அதை மாற்றுகின்றன. புளி, தக்காளி, மிளகாய், காய்கறியில் உள்ள வைட்டமின் சி போன்றவை அயடேற்றின் ஒட்சிசனைப் பறிக்கும். அப்போது ஒரு பகுதி தனி அயடீனாகி நீராவியோடு போகலாம், இன்னொரு பகுதி ஒட்சிசன் இல்லாத அயடைட்டாக மாறிக் குழம்பிலேயே தங்கும். தங்குவது நட்டமே இல்லை. நம் குடலும் அயடேற்றை முதலில் அயடைட்டாக மாற்றித்தான் உறிஞ்சுகிறது. சமையலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்துத்தான் உப்பில் சேர்க்கும் அளவையே தீர்மானிக்கிறார்கள். மூடியில்லாமல் நீண்ட நேரம் கொதிக்கும் புளிக்குழம்பில் இது கூடலாம், மூடி அவித்த பருப்பில் குறையலாம்.

இப்போது நான் பார்த்த ஒரு வீட்டுக் கதை. வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த அன்ரி ஒருவர், மகள் கர்ப்பமாக இருந்தபோது, "நாங்கள் அயடீன் உப்புத்தானே பாவிக்கிறம், ஒருக்கா பாத்துச் சொல்லு தம்பி" என்று இரண்டு சிறு போத்தல்களில் உப்புத் தந்தார். ஒன்று பக்கற்றைப் பிரித்தவுடன் எடுத்த கல்லுப்பு. மற்றது அடுப்படியில் மண்சட்டியில் இருந்து எடுத்தது. இரண்டும் ஒரே பக்கற்று உப்புத்தான்.

பரிசோதனை எளிதானது. 10 கிராம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சல்பூரிக் அமிலமும் பொற்றாசியம் அயடைட்டும் சேர்த்துக் குடுவையை மூடி, இருட்டான அலுமாரியில் பத்து நிமிடம் வைப்போம். அயடேற்று இருந்தால் தனி அயடீன் வெளிவந்து, கரைசல் ஐதான வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு வரும். பிறகு அளவியில் இருந்து சோடியம் தயோசல்பேற்றைத் துளித்துளியாக விடுவோம். மஞ்சள் மங்கும்போது கொஞ்சம் மாப்பொருள் கரைசல் சேர்த்தால் முழுவதும் கருநீலமாகும். அந்த நீலம் ஒரு துளியில் சட்டென்று மறையும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லிலீற்றர் போனது என்று பார்க்க வேண்டும். 0.005 மோலர் கரைசலில் ஒவ்வொரு மில்லிலீற்றரும் உப்பில் கிலோவுக்கு 10.6 மில்லிகிராம் அயடீனைக் குறிக்கும்.

பக்கற்று உப்புக்கு 2.1 மில்லிலீற்றர் போனது, அதாவது கிலோவுக்கு 22 மில்லிகிராம். நல்ல உப்பு. மண்சட்டி உப்புக்கு 0.8 மில்லிலீற்றர்தான் போனது, அதாவது எட்டரை மில்லிகிராம். பாதிக்கு மேல் காணோம்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கற்றைப் பிரித்தவுடன் வடியில் கொட்டி, பைப்பைத் திறந்து இரண்டு தண்ணி கழுவி, பல்கனி வெயிலில் காயவைத்துச் சட்டியில் போடுவாராம். "கழுவாமல் எப்பிடித் தம்பி போடுறது? மண்ணும் தும்பும் கிடக்குதே" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை, கல்லுப்பில் மண் இருக்கத்தான் செய்யும். ஆனால் தெளித்த அயடேற்று பெரிய உப்புக் கல்லின் உள்ளே இருப்பதில்லை, மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். முதல் தண்ணீரிலேயே அதில் பெரும்பகுதி கரைந்து போகும். கல் கொஞ்சம் கரைந்து சின்னதாகும், அவ்வளவுதான், ஆகவே பார்ப்பவருக்கு ஒன்றும் போனதாகத் தெரியாது.

"அப்ப அடுப்பில போறது?" என்றார். பக்கற்று உப்பில் 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து அரைமணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியபின் மறுபடி பார்த்தேன். 2.0 மில்லிலீற்றர். ஏறக்குறைய அப்படியே இருந்தது. புளிக்குழம்பை இதே முறையில் பார்க்க முடியாது. புளியே அயடீனை உறிஞ்சி விடை குறைவாகக் காட்டும். அதோடு இந்த முறை அயடேற்றை மட்டும்தான் எண்ணும், அயடைட்டாக மாறிச் சட்டியில் தங்கியது கணக்கில் வராது. "சமைத்தால் அயடீன் முழுக்கப் போய்விடுகிறது" என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், மொத்த அயடீனை அளந்தார்களா, அயடேற்றை மட்டும் அளந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இதன் பலனைக் கணக்கில் பார்க்கலாம். ஒருவர் ஒரு நாளைக்கு 8 கிராம் உப்புச் சாப்பிடுகிறார் என்று வைப்போம். 5 கிராமுக்குள் நிற்பதுதான் நல்லது, நம் சமையலில் அப்படி நிற்பது அரிது. கழுவாத உப்பில் அது 176 மைக்ரோகிராம் அயடீன். சமையலில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 140 மிஞ்சும். வளர்ந்தவருக்கு வேண்டியது 150, மீதியை மீனும் பாலும் முட்டையும் தந்துவிடும். கழுவிய உப்பில் தொடங்குவதே 68, சமைத்தபின் 54. கர்ப்பிணிக்கு வேண்டியது 250. அந்த மகளுக்கு இந்த இடைவெளி சின்னதல்ல, அதனால் கிளினிக்கில் டொக்டரிடம் இதைச் சொல்லுங்கள் என்றேன். அயடீனுக்காக உப்பைக் கூட்டிப் போடுவது தீர்வல்ல.

மண்ணுக்கு வழி இருக்கிறது. அளவான தண்ணீரில் உப்பு முழுவதையும் கரைத்து, மண் அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததைத் துணியில் வடித்து, மூடியுள்ள போத்தலில் வைத்து உப்புத்தண்ணியாகவே குழம்புக்கு விடலாம். அயடேற்று முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும், வீசுவது மண்ணை மட்டும். இது சிரமமென்றால் தூள் உப்பை வாங்கிக் கழுவாமல் போடுங்கள்.

கழுவுவது போலவே இன்னொன்று, அவித்த தண்ணீரை வடித்து ஊற்றுவது. உப்புப் போட்டு மரவள்ளிக்கிழங்கு அவித்து, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும்போது கரைந்த உப்போடு அயடீனும் போகிறது. அங்கே அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஈரம் பிடித்த உப்பிலும் இதே கதைதான். சட்டியின் அடியில் கசிந்து நிற்கும் உப்புநீரோடு அயடேற்றும் கீழே இறங்கிவிடும், மேலே உள்ள கல்லில் குறைந்துவிடும். உப்பை மூடிய போத்தலில், நீராவி படாத இடத்தில் வைத்தால் போதும்.

வெட்டிய உருளைக்கிழங்கில் உப்பைத் தூவி தேசிக்காய் பிழிந்து, நீலம் வராவிட்டால் அயடீன் இல்லை என்று காட்டும் வீடியோவை நம்பிப் பக்கற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அயடேற்று, புளிப்பு, மாப்பொருள் மூன்றும் சேர்ந்தால் மட்டும் போதாது, நீலம் வர அயடைட்டும் வேண்டும். எங்கள் குடுவையில் அதைத் தனியே சேர்ப்பது அதற்காகத்தான். நல்ல அயடீன் உப்பும் அந்த வீடியோச் சோதனையில் தோற்கும்.

வெறும் உப்பே வேண்டும் என்று டொக்டர் சொல்லும் சிலரும் இருக்கிறார்கள். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் கொடுப்பதற்கு முன், ஓரிரு வாரம் அயடீன் குறைந்த சாப்பாட்டில் இருக்கச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலிருந்த அயடீன் உப்பையே நன்றாகக் கொதிக்க வைத்துப் பாவிக்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். கூடாது, கொதித்தபின்னும் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். கழுவியும் பயனில்லை, முழுவதும் போகாது. அவர்களுக்கு அயடீன் சேர்க்காத உப்பு தனியே வேண்டும், எங்கே எடுப்பது என்று சிகிச்சை தரும் இடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.